தேங்காய் எண்ணெய் சோப்பு விற்பனைக்கு முன் மூன்று டீசர் பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணு பதிவு எதுக்கு? சோப்பு ரெடியானதும் ஒரே பதிவில் சொல்லிட்டா ஆகாதா?

உங்களிடம் வாங்கிப் பழகியவர்கள் ஏற்கெனவே நூறு பேர் இருந்தால் ஆகும். "வந்தாச்சு" என்று ஒரு வரி போட்டாலே போதும். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு அது நடக்காது. கையால் செய்த சோப்பு கடை சோப்பைவிட விலை அதிகம், பெயர் தெரியாதது, முகத்தில் போடுவது. ஒரே பதிவில் பொருளையும் காட்டி, விலையையும் சொல்லி, நம்பவும் வைக்கப் பார்த்தால் எதுவுமே மனதில் நிற்காது.

அதனால் வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். முதல் பதிவு, விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரைக் கொஞ்சம் நிறுத்துவதற்கு. இரண்டாவது, இதில் என்ன வித்தியாசம் என்று காட்டுவதற்கு. மூன்றாவது, எந்த நாள், என்ன விலை, எத்தனை இருக்கிறது என்று சொல்வதற்கு. நான்காவதாக ஒன்று போட்டால் ஜனங்களுக்குச் சலிப்பு வந்துவிடும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

சோப்பு ஊத்துன அன்னைக்கே முதல் பதிவைப் போட்டுடலாமா? ஆசையா இருக்கே!

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: படம் பிடிக்கிற நாள் வேறு, பதிவு போடுகிற நாள் வேறு.

காய்ச்சாமல் குளிர்முறையில் செய்யும் சோப்பு அச்சிலிருந்து எடுத்ததும் விற்பனைக்கு ஆகாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாக மாறும் வேலை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறி, கட்டி இறுக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் கொடுத்தால் குளியலறையில் இரண்டு நாளில் கூழாகிவிடும். தோலுக்கும் கடுமையாக இருக்கும்.

காங்கேயத்தில் இருக்கும் என் அத்தைக்கு முதல் தடவை நான்தான் இந்தத் தப்பைச் செய்து கொடுத்தேன். வெட்டிய அன்று மாலையே படத்தைப் போட்டோம். "எங்கே கிடைக்கும்", "எனக்கு ரெண்டு வேணும்" என்று ஒரு ராத்திரியில் முப்பது பேருக்கு மேல் கேட்டார்கள். ஐந்து வாரம் கழித்து அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பியதில் வாங்கியது ஆறு பேர். மற்றவர்களுக்கு நாங்கள் யார் என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு அம்மா மட்டும் "இன்னுமா காயுது?" என்று கேட்டார்.

இரண்டாவது தடவை நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணினோம். ஊற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விற்பனை, அதிலிருந்து 41ஆம் நாள் வந்த சனிக்கிழமை. முதல் பதிவு விற்பனைக்குப் பத்து நாள் முன்னால் புதன்கிழமை, இரண்டாவது ஐந்து நாள் முன்னால் திங்கட்கிழமை, மூன்றாவது இரண்டு நாள் முன்னால் வியாழக்கிழமை. ஊற்றியது, வெட்டியது, எடை போட்டது எல்லாவற்றுக்கும் படம் அந்தந்த நாளிலேயே எடுத்து போனில் வைத்திருந்தோம். கேட்கிறவரின் ஆசை பத்து நாள் தாங்கும், ஐந்து வாரம் தாங்காது.

முதல் பதிவில் என்ன காட்டணும், எதை மறைக்கணும்?

பெயர், விலை, உறை மூன்றையும் மறையுங்கள். ஒரு கணத்தை மட்டும் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் போட்ட சோப்பில் அந்தக் கணம் தானாகவே அமைந்துவிடுகிறது. மற்ற எண்ணெய்ச் சோப்பு அச்சில் ஒரு நாள் கிடந்தாலும் வெட்டலாம். இது அப்படியில்லை, சீக்கிரமே கல்லாகிவிடும். காலையில் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் வெட்டியாக வேண்டும். மறுநாள் காலை வரை விட்டால் கத்தி வைத்த இடத்தில் விண்டு, ஓரம் பொடிந்துபோகும். இன்னொன்று, வெட்டும்போது அது பார்க்கப் பளிச்சென்று தேங்காய் பர்பி மாதிரியே இருக்கும். அத்தை வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையன் நிஜமாகவே கை நீட்டினான்.

அதையே பிடித்துக்கொண்டோம். படத்தில் பாதி இறங்கிய கத்தி, கீழே சரிந்து நிற்கும் ஒரு வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். கீழே எழுதியது இது:

> போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல ஒன்பது மணிக்கு ஊத்துனது, நாலு மணிக்குள்ள வெட்டலைன்னா அப்புறம் கத்தி இறங்காது. பர்பி இல்லைங்க, கடிச்சுடாதீங்க. என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்?

"போன மாசம்" என்ற சொல் முக்கியம். பழைய படத்தை இன்று செய்தது போலக் காட்டினால், அடுத்த பதிவில் காய்ந்த கதையைச் சொல்லும்போது மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம், இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடிந்துவிடும். அதனால் "வணக்கம் நண்பர்களே, ஒரு மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்கி இடத்தை வீணாக்காதீர்கள்.

பனீர், கற்பூரம், பால்கோவா என்று பதில்கள் வந்தன. சோப்பு என்று சரியாகச் சொன்னவர்களுக்கு உடனே "ஆமாம்" என்று சொல்லவில்லை. "திங்கட்கிழமை சொல்றேங்க" என்று மட்டும் போட்டோம்.

இரண்டாவது பதிவில் எல்லா நன்மையையும் எழுதிடலாமா?

ஒன்றே ஒன்றை எடுங்கள், அதுவும் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். நாங்கள் எடுத்தது எடை.

வெட்டிய அன்று ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் படம் எடுத்தோம்: 115 கிராம். அதே துண்டை ஐந்து வாரம் கழித்து அதே தராசில் வைத்தபோது 103. தொலைந்த 12 கிராமும் தண்ணீர். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் "கையால் செய்தது", "பொறுமையாகச் செய்தது" என்ற சொற்களே தேவைப்படவில்லை. எந்தத் துண்டு என்று குழம்பாமல் இருக்க அதன் அடியில் ஈர்க்குச்சியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தோம். நீங்களும் முதல் நாளே கீறி வையுங்கள்.

> பர்பின்னு சொன்னவங்களுக்கு ஸாரி, இது குளிக்கிற சோப்பு. வெட்டுன அன்னைக்கு 115 கிராம். அஞ்சு வாரம் அலமாரில காத்தாடக் கிடந்து இன்னைக்கு 103. போனது தண்ணி மட்டும்தாங்க. எண்ணெய் ஒண்ணே ஒண்ணுதான், காங்கேயம் செக்குத் தேங்காய் எண்ணெய்.

இதோடு போர்த் தண்ணீரில் நுரைக்கும் பத்து நொடி வீடியோ ஒன்றையும் ஸ்டோரியில் போட்டோம். தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதிலிருந்து வரும் சோப்பு எளிதில் கரையும், கடல் தண்ணீரில்கூட நுரைக்கும். அதனால் உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு அந்த வீடியோ நேராகப் போய்ச் சேரும். ஆனால் "வாளியில் படியவே படியாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு எந்தச் சோப்பு சேர்ந்தாலும் திரிதிரியாகப் படியத்தான் செய்யும்.

தேங்காய் வாசம் கமகமன்னு வரும்னு எழுதலாம்ல?

எழுதாதீர்கள், வராது. காஸ்டிக் சோடாவோடு சேரும்போது செக்கு எண்ணெயின் வாசம் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது மெல்லிய, சுத்தமான சோப்பு வாசம் மட்டும். டீசரில் தேங்காய் மூடியும் பூவுமாக அடுக்கிப் படம் போட்டால் பார்க்கிறவர் தானாகவே வாசத்தை எதிர்பார்ப்பார். பெட்டியைத் திறந்து முகர்ந்ததும் முகம் சுருங்கும். "வாசனை எதுவும் சேர்க்கவில்லை" என்று நேராகச் சொல்லிவிட்டால் அதையே விரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

"கெமிக்கல் இருக்கா?"ன்னு கமெண்டில் கேட்கிறாங்க. காஸ்டிக் சோடா போட்டதைச் சொல்லணுமா?

சொல்லுங்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பே கிடையாது. உருக்கி ஊற்றும் சோப்புக் கட்டியை வாங்குகிறவருக்கும் அது முன்னாலேயே தொழிற்சாலையில் சேர்ந்துதான் வருகிறது. "கெமிக்கல் இல்லாதது" என்று எழுதிவிட்டு, விவரம் தெரிந்த ஒருவர் வந்து கேட்டால் அன்றோடு மானம் போயிற்று.

பதில் சொல்ல உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அத்தையின் கணக்கு இது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 5 கிலோ எண்ணெய்க்கு அது 915 கிராம். ஆனால் முழுதும் போட்டால் இந்தச் சோப்பு தோலிலுள்ள எண்ணெயை உரித்தெடுத்துவிடும். குளித்து முடித்ததும் முகம் இழுக்கும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் மிஞ்சுகிற மாதிரி சோடாவைக் குறைத்து 732 கிராம் போட்டார். தண்ணீர் 1,650 கிராம். மற்ற எண்ணெய்ச் சோப்புகளில் இவ்வளவு எண்ணெயை மிச்சம் விட்டால் வழுவழுத்துப் போகும், தேங்காய் எண்ணெய் தாங்கும். எல்லாமே எடைக் கணக்குதான். எண்ணெயை லிட்டரில் அளந்துவிட்டுக் கிலோ என்று நினைத்தால் கணக்கு உதைக்கும், ஒரு லிட்டர் 920 கிராம் பக்கம்தான் வரும்.

கமெண்டில் இவ்வளவும் வேண்டாம். அத்தை போட்ட பதில்: "காஸ்டிக் சோடா இல்லாம சோப்பு வராதுங்க. போட்டது முழுசும் எண்ணெயோட சேர்ந்து சோப்பாயிடுச்சு. அதுக்கு மேலயும் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிக்கிற மாதிரிதான் அளவு போட்டிருக்கோம்."

சோடாவைக் கரைக்கும் காட்சியை வீடியோவில் காட்டுவதானால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் சோடாவைப் போடுவதாக மட்டும் காட்டுங்கள். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கண்ணில் படவே கூடாது, சோடா அதை அரித்துவிடும். உங்களைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

மூன்றாவது பதிவில் "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ன்னு போடலாமா?

எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இரண்டு பதிவாக ஆவலை ஏற்றிவிட்டு, மூன்றாவதில் மறுபடியும் கதவைச் சாத்துகிற வேலை. கேட்கக் கூச்சப்படுகிறவர் அப்படியே போய்விடுவார். மூன்றாவது பதிவில் மர்மம் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

> சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆரம்பிக்கிறோம். மொத்தம் 60 சோப்புதான் இருக்கு. ஒண்ணு 100 கிராம், 120 ரூபாய், கூரியர் தனி. தேங்காய் எண்ணெய், தண்ணி, காஸ்டிக் சோடா, வேற எதுவும் இல்லைங்க. வாட்ஸப்பில் பேர், ஊர், எத்தனைன்னு அனுப்பினா போதும். 60 முடிஞ்சதும் அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுத்தான்.

60 என்பது பரபரப்புக்காகச் சொன்ன எண் இல்லை. அந்த 5 கிலோ எண்ணெயில் வந்தது 64 துண்டு. அதில் நாலு சோதனைக்கும் வீட்டுக்கும் போக மீதி 60. "சில பீஸ்களே உள்ளன" என்பதை யாரும் நம்புவதில்லை, எண்ணைச் சொன்னால் நம்புகிறார்கள். சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். தீர்ந்த பிறகு உள்ளிருந்து இன்னும் இருபது வந்தால் அடுத்த தடவை அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்காது.

எடையைக் காய்ந்த பிறகு நிறுத்து எழுதுங்கள். ஊற்றிய நாளின் 115ஐ நம்பி அச்சடித்தால் வாங்கியவர் தராசில் வைக்கும்போது தலை குனிய வேண்டிவரும். எங்களுடையது 103 நின்றது, இன்னும் கொஞ்சம் குறையலாம் என்று 100 போட்டோம்.

சொறி சிரங்கு போகும், கலர் வரும்னு போட்டா நல்லா விற்குமே?

விற்கும். வம்பும் வரும். சட்டத்தின் கண்ணில் சோப்பு ஓர் அழகுப்பொருள், அதன் வேலை சுத்தம் செய்வது. ஒரு நோயைத் தீர்க்கும் என்று சொன்ன நிமிடமே அதை மருந்தாகக் காட்டிவிட்டீர்கள். குறிப்பிட்ட சில நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிற 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெண்புள்ளி அந்தப் பட்டியலில் உண்டு. "எங்க பாப்பாவுக்குச் சொறி போயிடுச்சு" என்று வாடிக்கையாளர் அனுப்பியதை நீங்கள் எடுத்துப் பதிவாகப் போட்டாலும் அது உங்கள் விளம்பரம்தான்.

தோல் பிரச்சினை பற்றிக் கேட்டு வருகிறவரிடம் அத்தை சொல்வது: "டாக்டரைப் பாருங்க, இது அழுக்குப் போகக் குளிக்கிற சோப்புதான்." வறண்ட தோல்காரர்களிடம் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கொஞ்சம் உலர்த்தும் என்பதையும் சொல்லிவிடுவார். அதைக் கேட்டுவிட்டும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்றதுக்கு லைசென்ஸ் எல்லாம் வேணுமா? டீசர் போட்டுட்டு அப்புறம் எடுத்துக்கலாமா?

வேணும், முதலில் அதை எடுங்கள். விற்பனைக்காக அழகுப்பொருள் செய்ய 2020ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். கையால் செய்தது, கொஞ்சமாகச் செய்தது என்பதால் விலக்கு இல்லை. உறையில் உரிம எண், சேர்த்த பொருட்கள், தயாரித்த மாதம், நிகர எடை, அதிகபட்ச விலை, முகவரி, புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் வர வேண்டும். டீசருக்குத் தேதி குறிப்பதே உரிமம் கைக்கு வந்த பிறகுதான். அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

வெள்ளைச் சோப்பு போட்டோவில் சாம்பலா, மொட்டையா வருது. என்ன பண்றது?

வெள்ளைத் துணியையும் வெள்ளைத் தட்டையும் தூக்கிப் போடுங்கள். பழைய மரப்பலகை, பனை ஓலைப் பாய், கருங்கல் என்று எதன் மேல் வேண்டுமானாலும் வையுங்கள். காலை எட்டு மணி வாக்கில் ஜன்னலோரம், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்படி. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், போன் பிளாஷும் வேண்டாம். போன் திரையில் சோப்பின் மேல் விரலை வைத்து வெளிச்ச அளவைக் கொஞ்சம் ஏற்றினால் சாம்பல் நிறம் போகும்.

இன்ஸ்டாகிராமா, வாட்ஸப்பா?

முதல் இரண்டு பதிவையும் இரண்டிலும் போடுங்கள். எங்கள் ஆர்டரில் பெரும்பாலானவை வாட்ஸப் ஸ்டேட்டஸிலிருந்துதான் வந்தன, ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் அத்தையை நேரில் தெரிந்தவர்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் மூன்றாவது பதிவை மட்டும் சனிக்கிழமை காலை மறுபடி போட்டோம். பிராட்காஸ்ட் பட்டியலை நம்பி இருக்காதீர்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காதவருக்கு அந்தச் செய்தி போகவே போகாது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் கவுண்ட்டவுன் ஸ்டிக்கர் வைத்தால் விரும்புகிறவர்கள் நினைவூட்டல் போட்டுக்கொள்வார்கள்.

முதல் பதிவு போட்ட பிறகு சோப்பில் ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சா?

அந்த நிலைமை வராமல் இருக்கத்தான் நாங்கள் 28ஆம் நாளே, அதாவது முதல் பதிவுக்கு மூன்று நாள் முன்னால், சோதித்தோம். ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளை மணிகளாகவோ ஈரக் குழியாகவோ தெரிந்தால் சோடா சரியாகக் கலக்கவில்லை. பிறகு ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் லேசாகத் தொட வேண்டும். சோப்புக் கசப்பு மட்டும் இருந்தால் சரி. பேட்டரி முனையைத் தொட்டது போலச் சுரீர் என்றால் சோடா மிச்சம் இருக்கிறது. அந்தத் தொகுதியை விற்கக் கூடாது. தேதியைத் தள்ளி வைப்பதாக ஒரு வரி எழுதிவிடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேற்பரப்பில் மட்டும் சாம்பல் போல மெல்லிய பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஊற்றிய புதிதில் இன்னும் எண்ணெயோடு சேராத சோடா காற்றுபட்டு உண்டான சோடா உப்பு அது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் படம் எடுப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். எங்கள் இரண்டாவது பதிவின் ஓரத்தில் அப்படி ஒரு துண்டு விழுந்துவிட்டது. "பூஞ்சை பிடிச்சிருக்கே" என்று ஒருவர் கேட்டார். அத்தை அந்தத் துண்டைத் துடைப்பதை அப்படியே வீடியோ எடுத்துப் பதிலாகப் போட்டார். கேட்டவர் சனிக்கிழமை பத்து மணிக்கு மூன்று சோப்பு கேட்டுச் செய்தி அனுப்பினார்.